அரங்கேற்ற வீடியோவிலிருந்து ஒரு நல்ல ஸ்டில்: கலங்காத ஃபிரேமை எப்படிப் பிடிப்பது?

கல்பனா_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் போன மாதம் நடந்தது. புகைப்படக்காரரின் மெமரி கார்டு ஒன்று கெட்டுப்போனதில் தில்லானா பகுதிப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. இப்போது கையில் இருப்பது, என் தம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனில் எடுத்த வீடியோ மட்டும்தான். கடைசித் தீர்மானம் முடிந்து அவள் நிற்கும் அந்த நிலையை மட்டும் ஒரு படமாக எடுத்து, 12×18 அளவில் பிரிண்ட் போட்டு மாட்ட வேண்டும் என்று ஆசை.

வாட்ஸ்ஆப்பில் தம்பி அனுப்பியதை ஓடவிட்டு, நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தேன். சில இடங்களில் கை புகைபோல இழுபடுகிறது. சில இடங்களில் கை சரியாக இருக்கிறது, ஆனால் முகம் மெழுகு பூசினாற்போல வழவழவென்று வருகிறது. இரண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா என்றே தெரியவில்லை. லேப்டாப் இருக்கிறது, சொல்லிக்கொடுத்தால் கமாண்ட் அடிக்கவும் தயார்.

பிரபு_லென்ஸ்

மேடை நிகழ்ச்சிக்கு ஷட்டர் 1/250க்குக் கீழே போகவே கூடாது. ஐஎஸ்ஓவை 3200 வரை தைரியமாக ஏற்றுங்கள். போனிலும் ப்ரோ மோடில் ஷட்டரைப் பூட்டிவைக்கலாம். அப்படி எடுத்தால் எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் கை தெளிவாக இருக்கும்.

கல்பனா_திருச்சி

நன்றி சார். ஆனால் இது எடுத்து முடிந்த வீடியோ. இருப்பதிலிருந்து எப்படி எடுப்பது என்பதுதான் என் கேள்வி.

ராகவ்_கோட்

அக்கா, இது சுலபம். வீடியோவில் I, P, B என்று மூன்று வகை ஃபிரேம் உண்டு. I மட்டும்தான் முழுப் படம். மற்றதெல்லாம் பக்கத்து ஃபிரேமிலிருந்து இரவல் வாங்கியது. அதனால் ffmpeg என்ற கமாண்ட் மென்பொருளில் I ஃபிரேம்களை மட்டும் வெளியே எடுத்து, அதில் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள்:

```
ffmpeg -skip_frame nokey -i thillana.mp4 -fps_mode passthrough k_%03d.jpg
```

ffmpegஇல் thumbnail என்று ஒரு ஃபில்டரும் இருக்கிறது. அதுவே நல்ல ஃபிரேமைத் தேர்ந்து கொடுத்துவிடும்.

மணி_எடிட்டர்

கல்பனா, முதலில் ஒன்று. அந்த வாட்ஸ்ஆப் ஃபைலை ஒதுக்கிவையுங்கள். தம்பியிடம் ஒரிஜினலை வாங்குங்கள். பென்டிரைவில் வாங்கலாம், டிரைவ் லிங்க் கேட்கலாம், வாட்ஸ்ஆப்பிலேயே என்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். வந்த ஃபைலின் அளவைப் பார்த்தாலே ஒரிஜினலா இல்லையா என்று தெரிந்துவிடும். 1080p அளவில் ஆறு நிமிட வீடியோ, போனிலிருந்து அப்படியே வந்தால் சில நூறு எம்பி இருக்கும். ஐம்பது எம்பிக்குள் இருந்தால் நடுவில் யாரோ சுருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் சொன்ன அந்த மெழுகு முகத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் வேறு வேறு கோளாறு. கை இழுபடுவது ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கை நகர்ந்ததால். அது படம் பிடிக்கும்போதே பதிந்துவிட்டது, எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. முகம் மெழுகாவது வீடியோவைச் சுருக்கும் என்கோடரின் வேலை. பிட் போதாதபோது தோலின் நுண்மை, பட்டின் இழை மாதிரியான மெல்லிய விவரங்களைத்தான் அது முதலில் கைவிடும். ஓரங்களை மட்டும் கூர்மையாக விட்டுவைக்கும்.

நகையைப் பார்த்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். மேடை விளக்கு பட்டு மின்னும் ஒரு கல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி கோடாக நீண்டிருந்தால் அசைவு. வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறியது. புள்ளி கூர்மையாக இருந்து, அதைச் சுற்றிலும் தோல் வழுவழுப்பாகவோ சின்னச் சின்னக் கட்டங்களாகவோ இருந்தால் சுருக்கம். ஜிமிக்கி இதற்கு நல்ல இடம்.

ராகவ் தம்பி சொன்ன I ஃபிரேம் விஷயம் பாதிதான் சரி. ஒரிஜினல் கையில் வரட்டும், நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

ராகவ்_கோட்

பாதி எப்படிண்ணா? ஒரே தரத்துக்கு என்கோட் செய்தால் I ஃபிரேமுக்கு அதிக பிட் போகும் என்பது உண்மைதானே? x264 என்கோடரிலேயே I ஃபிரேமுக்குச் சாதகமாக ipratio 1.4 என்று வைத்திருக்கிறார்கள்.

மணி_எடிட்டர்

அது உண்மைதான். ஆனால் I ஃபிரேம் எப்போது வர வேண்டும் என்பதை ஆடுகிறவர் முடிவு செய்வதில்லை. பல போன்களில் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று என்று கணக்குப்படி விழும். அந்த நொடியில் கை பாதி வழியில் இருந்தால், கலங்கிய கையை மிக நேர்மையாக, நிறைய பிட் செலவழித்துப் பதிந்து வைக்கும். அவ்வளவுதான்.

thumbnail ஃபில்டருக்கும் கூர்மைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கொத்து ஃபிரேம்களின் ஹிஸ்டோகிராமை எடுத்து, சராசரிக்கு மிக நெருக்கமாக எது இருக்கிறதோ அதைத் தரும். வீடியோ பட்டியலுக்கு முகப்புப் படம் எடுக்க நல்லது. இந்த வேலைக்கு உதவாது.

.jpg என்று போட்டதும் இங்கே சரிவராது. தரம் எதுவும் சொல்லாமல் ffmpegஇல் ஜேபெக் எழுதினால் அதுவே இன்னொரு தடவை நன்றாகச் சுருக்கிவிடும். `-q:v 2` சேர்க்க வேண்டும், இல்லையென்றால் PNGயாகவே எடுத்துவிட வேண்டும்.

லலிதா_டீச்சர்

நான் நாட்டியம் கற்றுத்தருபவள், வீடியோ பற்றி அதிகம் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் உடல் உண்மையாகவே நிற்கிறது என்று சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

தீர்மானத்தின் முடிவில் ததிங்கிணதொம் மூன்று முறை வரும். மூன்றாவது "தொம்"மில் கால் தட்டி நிலை விழும். பார்ப்பவர்களுக்கு அந்தத் தட்டலிலேயே அவள் நின்றுவிட்டதாகத் தோன்றும். அப்படி இல்லை. பாதம் தரையில் அடித்த அதிர்வு இடுப்பு வரை ஏறி அடங்க ஒரு கணம் ஆகும். பார்வை கைவிரலுக்குப் போய் நிற்பது அதற்கும் பிறகு. அதன் பின்தான் முகத்தில் பாவம் முழுதாக வந்து உட்காரும். ஆகவே தட்டிய கணத்தை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் தேடுங்கள்.

இன்னொன்று. மணி சார் ஜிமிக்கியைப் பார்க்கச் சொன்னார். உடல் நின்ற பிறகும் ஜிமிக்கி ஆடிக்கொண்டேதான் இருக்கும், பின்னல் குஞ்சலமும் அப்படித்தான். ஜிமிக்கி கோடாக இருந்தால் முகமும் கலங்கியிருக்கிறது என்று நினைத்து நல்ல படத்தைத் தள்ளிவிடுவீர்கள். மூக்குத்தியைப் பாருங்கள், அல்லது நெற்றிச்சுட்டியின் நடுக்கல்லை. அவை முகத்தோடு ஒட்டியே அசையும்.

தில்லானாவின் தொடக்கத்திலும் உடல் சிலைபோல நிற்கும் இடம் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் அட்டமி நடக்கும். கழுத்து பக்கவாட்டில் போய்வந்துகொண்டே இருக்கும். கை, கால் எல்லாம் தெளிவாக விழுந்து முகம் மட்டும் கலங்குவது அந்த இடத்தில்தான்.

மணி_எடிட்டர்

டீச்சர், மூக்குத்தி விஷயம் மிகச் சரி. இனிமேல் நானும் அதைத்தான் பார்ப்பேன். "சற்றுப் பின்னால்" என்று நீங்கள் சொன்னது என்கோடர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படியே பொருந்துகிறது. ஆச்சரியமாக இருக்கிறது. காரணத்தை நாளைக்குச் சொல்கிறேன்.

கல்பனா_திருச்சி

தம்பி ஒரிஜினலை அனுப்பிவிட்டான். ஆறு நிமிட வீடியோ 750 எம்பி. வாட்ஸ்ஆப்பில் வந்தது வெறும் 40 எம்பி! 1920×1080, நொடிக்கு 30 ஃபிரேம். கடைசித் தொம் 4 நிமிடம் 12 நொடியில் வருகிறது. அதைக் கண்ணால் தேடவில்லை, நட்டுவாங்கத் தாளத்தின் கடைசி அடியைக் காதில் கேட்டுப் பிடித்தேன்.

மணி_எடிட்டர்

காதால் பிடித்தது நல்ல வழி. எடிட்டிங் மென்பொருளில் ஒலி அலையைப் பார்த்தால் அந்த அடி ஒரு கூரான முள்ளாக நிற்கும், அதற்கு வலப்பக்கம்தான் நமக்கு வேண்டிய இடம்.

4:12 என்றால் 252வது நொடி. இதை அடித்துவிட்டு, வருவதை இங்கே போடுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -read_intervals 252%+2 -show_entries frame=pts_time,pkt_size,pict_type -of csv=p=0 thillana.mp4
```

முதல் எண் நேரம், இரண்டாவது அந்த ஃபிரேமுக்குச் செலவான பைட், மூன்றாவது வகை. முந்தைய I ஃபிரேமிலிருந்து தொடங்கும் என்பதால் 252க்கு முந்திய சில வரிகளும் வரலாம், பரவாயில்லை. பிறகு, ஒன்றேகால் நொடியளவுக்கு எல்லா ஃபிரேமையும் எடுத்துவையுங்கள்:

```
ffmpeg -ss 252 -i thillana.mp4 -t 1.2 -fps_mode passthrough f_%03d.png
```

passthrough என்பதை விட்டுவிடாதீர்கள். போன் வீடியோக்களில் ஃபிரேம் இடைவெளி சீராக இருக்காது. அது இல்லாவிட்டால் ffmpeg இடைவெளியைச் சீராக்கப் பார்த்து ஒரே ஃபிரேமை இரண்டு முறை எழுதிவைக்கும், எண்ணிக்கை குழம்பிவிடும். ffmpeg பழைய பதிப்பாக இருந்தால் அதற்குப் பதிலாக `-vsync 0`.

கல்பனா_திருச்சி

வந்தது. 36 PNG. ffprobe நீளமாக வந்தது, முக்கியமான வரிகள் மட்டும்:

```
252.100000,214380,I
252.133333,97210,P
252.400000,88120,P
252.466667,71650,P
252.600000,46900,P
252.766667,33840,P
252.933333,31270,P
253.066667,92400,P
253.100000,221750,I
```

B என்று ஒன்றுகூட இல்லை. படங்களைப் பார்த்தால், 252.1இல் கை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 252.4 வாக்கில் கை நிற்கிறது. 253.05 வாக்கில் அவள் நிமிரத் தொடங்கிவிடுகிறாள். 253.1இல் தலை கலங்கியிருக்கிறது.

ராகவ்_கோட்

அப்படியென்றால் 253.1தான் பைட் அதிகம், 221750. I ஃபிரேம் வேண்டாம் என்றால் P ஃபிரேம்களில் பெரியது 253.066. பைட் அதிகம் என்றால் விவரமும் அதிகம் என்றுதானே அர்த்தம்?

மணி_எடிட்டர்

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். P ஃபிரேமின் பைட், அந்தப் படத்தில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பதற்குக் கணக்கு அல்ல. முந்தைய படத்திலிருந்து எவ்வளவு மாறியது என்பதற்குத்தான் கணக்கு. 253.066இல் 92400 ஆனதற்குக் காரணம் பெண் நகரத் தொடங்கியதுதான். கலங்கிய படத்துக்குத்தான் அங்கே அவ்வளவு பைட் போயிருக்கிறது.

252.4க்குப் பிறகு எண்கள் எப்படி இறங்குகின்றன என்று பாருங்கள். 88, 71, 46, 33, 31 ஆயிரம். கை நின்றதும் என்கோடர் செய்வது இதுதான்: வேகமாக நகர்ந்தபோது கைவிட்ட விவரங்களை ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப நிரப்புகிறது. முதல் ஃபிரேமில் பட்டின் கரை ஒரு பட்டையாகத்தான் தெரியும். இரண்டு மூன்று ஃபிரேம் தாண்டியதும் ஜரிகைக் கோடு வரும், இன்னும் சில ஃபிரேம் போனால் புட்டா தெரியும். முன்பு நிரப்பியதை அடுத்த ஃபிரேம் அப்படியே எடுத்துக்கொள்வதால் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைகிறது, பைட்டும் குறைகிறது. எண்கள் இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் நிரப்பும் வேலை பெரும்பாலும் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீடியோவில் அது 252.75லிருந்து 252.95 வரை.

டீச்சர் சொன்ன "தட்டியதற்குச் சற்றுப் பின்னால்" இதே இடம்தான். உடல் அடங்கவும் நேரம் வேண்டும், என்கோடர் நிரப்பவும் நேரம் வேண்டும்.

f_024 என்பது 252.767 ஆக இருக்க வேண்டும். அதிலிருந்து f_029 வரை ஆறு படங்களை ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது 100 சதவீதத்தில் திறந்து, மூக்குத்தியையும் கண்ணையும் பாருங்கள். படங்களை அடுத்தடுத்துப் புரட்டிப் பார்க்க mpv என்ற பிளேயர் வசதி. வீடியோவை நிறுத்திவிட்டு `.` அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே, `,` அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னே. பிடித்ததில் `s` அழுத்தினால் வீடியோவின் முழு அளவிலேயே சேமிக்கும். ஆனால் ஒன்றும் மாற்றாவிட்டால் ஜேபெக்காகத்தான் சேமிக்கும். `screenshot-format=png` என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

ராகவ்_கோட்

இப்போது புரிகிறது அண்ணா. அப்படியானால் அசைவே இல்லாத இடத்தில், I ஃபிரேமைவிட அதற்கு முந்தைய P நன்றாக இருக்கக்கூட வாய்ப்பு உண்டா?

மணி_எடிட்டர்

உண்டு. பிட்ரேட் குறைந்த வீடியோவில் கண்ணாலேயே பார்க்கலாம். பின்திரை ஒரு நொடி முழுக்கத் தெளிந்துகொண்டே வந்து, I வந்ததும் சட்டென்று மாறித் துடிக்கும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் புதிதாக எழுத வேண்டும், கொடுத்திருக்கும் பிட் போதவில்லை என்றால் அப்படித்தான் ஆகும். நல்ல பிட்ரேட் என்றால் I சிறப்பாகவே இருக்கும். அது நிலை நிற்கும் நேரத்துக்குள் விழுந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கல்பனாவுக்கு இரண்டு I ஃபிரேமும் வெளியே விழுந்துவிட்டன.

செல்வம்_குவைத்

நல்ல உரையாடல். எனக்கும் இதே பிரச்சினை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை 2003இல் MiniDV கேசட்டில் எடுத்தார்கள். கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன், avi ஃபைல். நீங்கள் சொன்ன மாதிரி I, P பார்த்தேன், எல்லாமே I என்றே வருகிறது! ஆனாலும் தாலி கட்டும் இடத்தில் கை சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கலங்குகிறது. எந்த ஃபிரேம் எடுத்தாலும் அப்படியே.

மணி_எடிட்டர்

செல்வம் அண்ணே, உங்களுடையது வேறு பிரச்சினை. DV கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது, அதனால்தான் எல்லாமே I. அந்தக் கோடுகள் அசைவுக் கலக்கமும் இல்லை. ஒரு ஃபிரேமுக்குள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் வரி விட்டு வரி பின்னப்பட்டிருக்கின்றன. கை அதற்குள் நகர்ந்ததால் இரண்டும் ஒட்டவில்லை. பிரித்து எடுங்கள்:

```
ffmpeg -ss 300 -i kalyanam.avi -t 3 -vf "bwdif=mode=send_field,scale=768:576,setsar=1" -fps_mode passthrough d_%03d.png
```

300 என்ற இடத்தில் உங்களுக்கு வேண்டிய நொடியைப் போடுங்கள். நொடிக்கு 25க்குப் பதில் 50 படம் வரும், அதாவது தேர்வு செய்ய இரட்டிப்பு வாய்ப்பு. scale எதற்கென்றால், கேசட்டில் 720×576 என்று பதிந்தாலும் பிக்சல் சதுரம் இல்லை. அப்படியே பிரிண்ட் போட்டால் ஆட்கள் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள்.

எல்லோரும் அசையாமல் போட்டோவுக்கு நிற்பதுபோல ஓர் இடம் இருந்தால், அங்கே மட்டும் bwdif வேண்டாம். இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும், முழு 576 வரியின் விவரமும் கிடைக்கும்.

செல்வம்_குவைத்

செய்து பார்த்தேன். கோடுகள் போய்விட்டன! அப்பாவின் விரல்கூடத் தெரிகிறது. ரொம்ப நன்றி தம்பி.

கல்பனா_திருச்சி

ஆறு படங்களையும் பார்த்தேன். எனக்கு 026, 027 இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கண்ணால் பிரிக்க முடியாத நிலையில் அளந்து சொல்ல ஏதாவது வழி உண்டா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது, மூக்குத்தி புள்ளியாக இருக்கிறது, ஆனால் அரக்குச் சிவப்பு விசிறி மடிப்பின் ஓரம் மட்டும் எல்லாப் படத்திலும் கசிந்த மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பச்சைக் கரை பரவாயில்லை.

ராகவ்_கோட்

அளப்பதற்கு ffmpegஇலேயே blurdetect இருக்கிறது அக்கா, பதிப்பு 5.1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். முழுப் படத்தை அளக்காமல் முகத்தை மட்டும் வெட்டி அளந்தால் நல்லது:

```
ffmpeg -ss 252 -i thillana.mp4 -t 1.2 -vf "crop=320:320:820:140,blurdetect,metadata=print:key=lavfi.blur:file=-" -f null -
```

crop எண்கள் அகலம், உயரம், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம். முகம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றுங்கள். எண் குறைவாக வந்தால் கூர்மை அதிகம்.

மணி_எடிட்டர்

முகத்தை வெட்டி அளக்கச் சொன்னது சரியான யோசனை. முழு ஃபிரேமை அளந்தால் பின்திரையில் தொங்கும் பூமாலைகள்தான் எண்ணைத் தீர்மானிக்கும். அவை எப்போதும் அசையாமல் கூர்மையாகவே இருக்கும், முகம் கலங்கினாலும் எண் அசையாது.

ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், தள்ளிவிட மட்டும் பயன்படுத்துங்கள். இந்த மாதிரிக் கருவிகள் ஓரம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. சுருக்கத்தில் வரும் கட்டங்களின் ஓரமும் செங்குத்துதான். மோசமாகச் சுருங்கிய ஃபிரேம் ஒன்று "மிகக் கூர்மை" என்று மதிப்பெண் வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். லாப்ளாசியன் கணக்கு போடுகிறவர்களுக்கும் இதே தொல்லை, அங்கே இருட்டில் வரும் மணல் புள்ளிகள்கூட விவரமாக எண்ணப்படும். பத்துப் படத்தை மூன்றாகக் குறைக்க எண். மூன்றில் ஒன்றை எடுக்கக் கண்.

சிவப்புக் கசிவுக்கு வருவோம். அது ஃபிரேமின் குற்றம் இல்லை, அதனால் வேறு ஃபிரேம் தேடி அலைய வேண்டாம். சாதாரண போன் வீடியோ எல்லாம் 4:2:0. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவார்கள். நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் பதிவார்கள். பச்சையில் வெளிச்சத்தின் பங்கு அதிகம், அதனால் அதன் ஓரம் வெளிச்சத்தை வைத்தே பிழைத்துக்கொள்ளும். அரக்குச் சிவப்பில் வெளிச்சம் மிகக் குறைவு, மடிப்பையும் ஓரத்தையும் நிறம் மட்டுமே சொல்ல வேண்டியிருக்கிறது. அது பாதி அகலம், பாதி உயரத்தில்தான் இருக்கிறது. பட்டு கட்டுகிற எல்லா மேடை வீடியோவிலும் இது வரும்.

12×18 பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிற்கும் பெண் என்பதால் நெடுக்காக வெட்டுவீர்கள். 1080 வரி உயரம்தான் மொத்தமும். அதை 18 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 60 பிக்சல். எவ்வளவு நல்ல ஃபிரேமாக இருந்தாலும் கிட்டப் போனால் தாங்காது. 4×6க்கு 180 வரும், அழகாக இருக்கும். 6×9க்கு 120, மேட் பேப்பரில் ஓரளவு ஏற்றுக்கொள்ளலாம். பெரிதாகத்தான் வேண்டும் என்றால் வீடியோகிராபரிடம் கேளுங்கள். அவர் தந்த பென்டிரைவில் இருப்பது எடிட் செய்து மறுபடி சுருக்கியது. கேமரா கார்டிலிருந்து வந்த மூல கிளிப், அந்தத் தில்லானா மட்டும் போதும் என்று கேளுங்கள். 4கே என்றால் உயரம் 2160, எல்லாக் கணக்கும் இரட்டிப்பாகும்.

கல்பனா_திருச்சி

கேட்டேன். நல்லவேளை, அழிக்காமல் வைத்திருந்தார். 4கே, நொடிக்கு 25 ஃபிரேம். அதே தொம், அதே நிலை. ஆனால் அவர் அந்த நேரத்தில் கேமராவை மெல்ல இடப்பக்கம் நகர்த்தியிருக்கிறார். மூக்குத்தி சின்னக் கோடாகப் படுக்கைவாட்டில் நீள்கிறது. உடல் நிற்கும் நேரம் முழுக்க அப்படித்தான். கடைசி இரண்டு ஃபிரேமில் மட்டும் கேமராவும் நிற்கிறது, அதில் புள்ளியாக இருக்கிறது. ஆனால் அதில் அவள் கண் லேசாகத் தாழ்ந்துவிட்டது.

லலிதா_டீச்சர்

கண் தாழ்ந்ததை எடுக்காதீர்கள் அம்மா. அந்த நிலையில் பார்வை விரல்நுனியில் இருக்க வேண்டும். படம் கொஞ்சம் மென்மையாக இருந்தாலும் பரவாயில்லை. பார்வை விழுந்த படத்தை நாட்டியம் தெரிந்தவர் யாரும் சுவரில் மாட்ட மாட்டார்.

மணி_எடிட்டர்

டீச்சர் சொல்வதற்குத்தான் என் ஓட்டும். கோடு எத்தனை பிக்சல் நீளம் என்று எண்ணிப் பாருங்கள் கல்பனா. 4கேயில் மூன்று, நான்கு பிக்சல் என்றால் 8×12 பிரிண்டில் தெரியவே தெரியாது. 1080 ஃபிரேமில் ஒரு பிக்சல் புள்ளியாக இருப்பதும் இதில் இரண்டு பிக்சல்தானே. பத்துக்கு மேல் என்றால் போன் படத்துக்கே திரும்பிவிடுங்கள்.

கல்பனா_திருச்சி

எண்ணினேன். நடுவில் உள்ள ஒரு ஃபிரேமில் நான்கு, மற்றவற்றில் ஆறு, ஏழு. அந்த நான்கு பிக்சல் ஃபிரேமில் பார்வையும் விரலில் இருக்கிறது. அதையே 8×12க்குக் கொடுக்கப் போகிறேன். போன் படத்தின் 026ஐ 4×6 போட்டுத் தாத்தா பாட்டிக்கு.

ராகவ்_கோட்

அக்கா, கொடுக்கும் முன் ஒன்று முயலலாமா? போன் வீடியோவில் 024 முதல் 029 வரை ஏறக்குறைய ஒரே படம்தானே. align_image_stack வைத்துப் பொருத்தி, ஆறையும் சராசரி எடுத்தால் சுருக்கத்தின் இரைச்சல் குறையும். நீங்கள் அனுப்பிய படங்களை வைத்து நான் செய்து பார்த்தேன். பின்திரையில் இருந்த கட்டங்கள் நன்றாகவே கரைந்துவிட்டன.

மணி_எடிட்டர்

எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை தம்பி. ஆறும் தனித்தனியாக எடுத்த படங்களாக இருந்தால் சராசரி வேலை செய்யும். இங்கே ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து பாதிக்கு மேல் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே பிழையை ஆறு தடவை கூட்டி ஆறால் வகுத்தால் அதே பிழைதான் வரும்.

ராகவ்_கோட்

போன் கையில் பிடித்தது அண்ணா, ட்ரைபாட் இல்லை. கை ஆடியதால் கட்டங்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில் விழுந்திருக்கின்றன. அதனால்தான் கரைந்தது என்று நினைக்கிறேன். ட்ரைபாட் வீடியோவில் நீங்கள் சொன்னதுபோலத்தான் ஆகும்.

லலிதா_டீச்சர்

தம்பி போட்ட இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். திரை அழகாக ஆகிவிட்டது, உண்மை. ஆனால் சராசரி எடுத்ததில் கண்ணின் ஒளிப்புள்ளி மங்கிவிட்டது. மூக்குத்தியும் முன்போல மின்னவில்லை.

மணி_எடிட்டர்

முகத்துக்கு 026, திரைக்குச் சராசரி என்று மாஸ்க் போட்டு இணைத்தால் இரண்டும் கிடைக்கும். ஓரத்தில் பின்னல் வருகிற இடம்தான் சிக்கல், அங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ராகவ், அந்தப் பொருத்திய படங்களை 16 பிட் PNGயாக வைத்திருந்தால் அனுப்பு, நானும் ஒரு முறை செய்து பார்க்கிறேன்.

ராகவ்_கோட்

TIFFஆக இருக்கிறது அண்ணா. இரவு அனுப்புகிறேன்.